செல்வி அக்காவுக்கு, நேரம் இருக்கும்போது முழுசாகப் படி

அக்கா, பி.எட். அடுத்த வருஷம் பார்ப்போம் என்று வீட்டில் சொன்னதிலிருந்து நீ மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிற, போன் போட்டாலும் எடுக்க மாட்டேங்கிற, அதனால் எழுதுகிறேன். பெரியம்மா அனுப்பச் சொல்லி இதை எழுதவில்லை. நான் எழுதுவது அவர்களுக்குத் தெரியாது, எங்க அம்மாவுக்கும் தெரியாது. பன்னிரண்டாவது படிக்கிற பையன் எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டானா என்று நினைக்காதே. சின்ன வயசிலிருந்து லீவு விட்டால் உங்க வீட்டில்தான் இருந்திருக்கிறேன், அங்கே நடப்பதை நானும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் கோபம் நியாயமானது. "எல்லா அப்பா அம்மாவுக்கும் எல்லாப் பிள்ளையும் ஒண்ணுதான்" என்று ஆச்சி நேற்றுகூடச் சொன்னாள். நான் அதை உன்னிடம் சொல்ல மாட்டேன். மனசுக்குள் ஒன்றாக இருக்கலாம், ஆனால் தட்டில் ஒன்றாக இல்லையே. மீன் வறுத்தால் நடுத்துண்டு உன் தம்பி முத்து தட்டுக்குத்தான் போகும், உனக்கு வால் பக்கம், அதுவும் எல்லாருக்கும் பரிமாறி முடித்துவிட்டுக் கடைசியில் நீ உட்காரும்போது. போன பொங்கலுக்கு நான் வந்திருந்தேனே, அப்போது பெரியம்மா என் தட்டிலும் பெரிய துண்டைத்தான் வைத்தார்கள். நான் விருந்தாளி என்பதற்காக வைத்தார்கள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அப்புறம் பார்த்தால் என் தங்கச்சி தட்டில் சின்னத் துண்டு. அவளும் விருந்தாளிதானே.

பைக் விஷயமும் அப்படித்தான். நீ காலேஜ் போன மூன்று வருஷமும் ஒரு பழைய ஸ்கூட்டியாவது வேண்டும் என்று கேட்டாய். பெரியப்பா என்ன சொன்னார்? "பொம்பளைப் பிள்ளைக்குத்தான் டவுன் பஸ் ஃப்ரீயாச்சே." 2021இல் அரசாங்கம் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசு வேண்டாம் என்று சொன்னது நீங்கள் எல்லாரும் தைரியமாக வெளியே போய் வரணும் என்பதற்காக. வண்டி வாங்கித் தராமல் இருப்பதற்கு அதையே காரணமாக்கினால் எப்படி? அந்த பஸ் கூட்டத்தில் நீ தொங்கிக்கொண்டு போனதும், லேப் இருக்கிற நாளில் இருட்டின பிறகு ஸ்டாப்பில் தனியாக நின்றதும் எனக்குத் தெரியும். முத்து முதல் வருஷம் சேர்ந்த உடனே பைக் வந்து நின்றது. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, போட்டோ எடுத்து குடும்ப குரூப்பில் போட்டார்கள். அன்றைக்கு ராத்திரிதான் நீ குரூப்பை விட்டு வெளியேறினாய். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நானும் குரூப்பில் கேட்கவில்லை, எல்லார் முன்னாலும் கேட்டால் உனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கும் என்றுதான்.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அந்த ஏடிஎம் கார்டு. புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் 1000 ரூபாய் உன் பேரில், உன் கணக்கில் வந்தது. நீ ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்ததற்காக, மேலே படிக்கணும் என்பதற்காக வந்த காசு. கார்டு மட்டும் பெரியப்பா பர்ஸில். வீட்டுச் செலவுக்குத்தான் எடுத்தார், இல்லை என்று சொல்லவில்லை, சிலிண்டருக்கும் கரண்ட் பில்லுக்கும் போயிருக்கும். ஆனாலும் ஒரு தடவைகூட உன்னிடம் கேட்டுவிட்டு எடுக்கவில்லை, அதுதான் எனக்கு ஆறவே இல்லை. இப்போது நீ பி.எட். சேரணும் என்று சொன்னதும் "முத்து ஃபீஸே கழுத்தை நெரிக்குது, உனக்கு அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று வந்துவிட்டது.

சரி, இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். எனக்கும் தெரியும் என்று நீ தெரிந்துகொள்ளணும் என்பதற்காக எழுதினேன். இனிமேல் எழுதப்போவதுதான் நான் சொல்ல வந்தது, கொஞ்சம் கோபப்படாமல் படி.

நீ மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பதால் அங்கே கீழே யாருக்கும் ஒன்றும் புரியவில்லை அக்கா. நேற்று அம்மாவோடு நான் வந்திருந்தேன், நீ இறங்கி வரவில்லை. பெரியம்மா என்ன சொன்னார்கள் தெரியுமா? "அவ குணம் அப்படி, ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பா, அப்புறம் தானா சரியாயிருவா." பெரியப்பா டிவியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். எனக்கு வயிறு எரிந்தது. கார்டு, பி.எட்., பைக், நடுத்துண்டு எல்லாம் சேர்ந்து அவர்களுக்கு "செல்வி குணம்" என்று ஒரே வார்த்தையில் முடிந்துபோயிற்று. நீ பேசாமல் இருக்கிற வரைக்கும் அவர்கள் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதே இல்லை. நீ சாப்பிடாமல் இருந்தால் பெரியம்மா அழுவார்கள், அழுததும் பேச்சு உன் சாப்பாட்டுக்கு மாறிவிடும், நீ ஒரு இட்லி சாப்பிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று எழுந்து போய்விடுவார்கள். அப்படித்தானே ஒவ்வொரு தடவையும் நடக்கிறது?

அதனால் இந்தத் தடவை வாயைத் திறந்து கேள். "நீங்க எப்பவும் அவனுக்குத்தான் செய்றீங்க" என்று ஆரம்பிக்காதே. அப்படிச் சொன்னால் பெரியப்பா நீ எட்டாவது படிக்கும்போது வாங்கிக் கொடுத்த கொலுசிலிருந்து கணக்குச் சொல்ல ஆரம்பிப்பார், நீ அழுவாய், பேச்சு அங்கேயே நின்றுவிடும். ஒரே விஷயத்தைப் பிடித்துக் கேள். "அப்பா, என் ஏடிஎம் கார்டைக் குடுங்க. நான் இந்த வருஷமே பி.எட். சேரப்போறேன். அரசு காலேஜிலும் அரசு உதவி பெறும் காலேஜிலும் கவுன்சலிங்ல சீட் கிடைச்சா முத்து ஃபீஸ் மாதிரி ஆகாது. மிச்சத்துக்கு டியூஷன் எடுக்கிறேன். அடுத்த வருஷம்னு சொல்லாதீங்க." இவ்வளவுதான். இதற்கு அவர் சரி என்று சொல்லணும், இல்லை என்றால் ஏன் இல்லை என்று சொல்லணும். இரண்டில் ஒன்று சொல்லித்தானே ஆகணும்.

பெரியப்பாவைவிட பெரியம்மாவிடம் பேசுவதுதான் உனக்குக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆச்சி ஒரு நாள் என்னிடம் சொன்னதை உனக்குச் சொல்கிறேன். பெரியம்மா ஏழாவதோடு நின்றது படிப்பு வராமல் இல்லையாம். அந்தக் காலத்தில் கோவில்பட்டிப் பக்கம் முக்கால்வாசி வீட்டில் நடந்ததுதான் நம் வீட்டிலும் நடந்திருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து பெரியம்மாவும் எங்க அம்மாவும் தீப்பெட்டி ஒட்டியிருக்கிறார்கள், அந்தக் கூலியில் மாமா பாலிடெக்னிக் முடித்தார். பசை காய்ந்து விரல் நுனித் தோல் உரிந்து வருமாம், அதோடுதான் சோறு பிசைந்து சாப்பிடுவார்களாம். இதைச் சொல்வதால் அவர்கள் செய்வது சரி என்று ஆகிவிடாது. தனக்கு வலித்தது மகளுக்கும் வலிக்கும் என்று அவர்களுக்கல்லவா முதலில் தெரிந்திருக்கணும். ஆனால் உன்னைப் பிடிக்காமல் செய்யவில்லை அக்கா, அது மட்டும் எனக்கு நிச்சயம். பையனுக்கு முதலில், பொண்ணுக்கு மிச்சம் என்றே வளர்ந்தவர்கள், வேறு மாதிரி ஒரு வீட்டை அவர்கள் பார்த்ததே இல்லை. நீ கேட்டால்தான் பார்ப்பார்கள். பெரியம்மா தனியாகச் சமையல்கட்டில் இருக்கும்போது, "அம்மா, உன்னை நிறுத்தினப்போ உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டுப் பார். சண்டைக்காக இல்லை, உனக்கே தெரிய வேண்டிய கதை அது.

அப்புறம் முத்து. அவன் மேல் நீ காட்டுகிற கோபத்தில் பாதி அவனுக்கு உரியது இல்லை. பைக் சாவியை அவன் கேட்டு வாங்கினான், சரி. உன் ஃபீஸை வெட்டி வாங்கித் தாருங்கள் என்று அவன் கேட்கவில்லையே. நேற்று என்னை பஸ் ஸ்டாண்டில் விடும்போது "அக்கா என்கிட்ட பேசவே மாட்டேங்குறாடா, நான் என்னடா பண்ணேன்" என்றான். நான் அவனிடம் கார்டு விஷயத்தைச் சொன்னேன். அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை. முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. தெரியாமல் இருந்ததும் ஒரு தப்புதான், கூடவே இருக்கிறவனுக்குத் தெரிந்திருக்கணும், அதையும் அவனிடம் சொல்லிவிட்டேன். ஆனால் இனிமேல் அவன் உன் பக்கம் நிற்க முடியும். பெரியப்பா முன்னால் அவன் "அக்கா சேரட்டும்ப்பா" என்று ஒரு வார்த்தை சொன்னால், நாம் பத்துப் பேர் சொல்வதற்குச் சமம். அது நியாயமில்லைதான், அவன் வார்த்தைக்கு இருக்கிற மதிப்பு உன் வார்த்தைக்கும் இருக்கணும். இப்போதைக்கு அதையும் உன் வேலைக்குப் பயன்படுத்திக்கொள் என்கிறேன். அவன் வந்து கதவைத் தட்டினால் திற.

இன்னொன்று, போன மாசம் கல்யாண வீட்டில் "வீடு முத்துவுக்குத்தானே, செல்வி கட்டிக்கிட்டுப் போறவ" என்று பெரியப்பா சொல்ல, எல்லாரும் சிரித்தார்களே, நீ எழுந்து கை கழுவப் போனாயே. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989லேயே சட்டம் வந்துவிட்டது, 2005இல் நாடு முழுக்க. உங்க வீடு எந்தக் கணக்கில் வரும் என்று வக்கீல்தான் சொல்லணும், அதுக்கு இப்போ அவசரமும் இல்லை. கல்யாணம் ஆனால் மகளுக்கு ஒன்றுமே இல்லை என்கிற பேச்சு சட்டத்திலேயே கிடையாது என்பதை மட்டும் மனசில் வைத்துக்கொள். அவர்கள் சிரித்தார்கள் என்பதற்காக நீ தலையைக் குனிய வேண்டாம்.

எனக்குப் பின்னமும் தசமமும் சொல்லிக்கொடுத்தது நீதான். டியூஷன் சார் திட்டி அனுப்பின கணக்கை நீ தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, தோசை மாதிரி வெட்டிக் காட்டி ஒரே சாயங்காலத்தில் புரிய வைத்தாய். நீ டீச்சர் ஆகாமல் இருந்தால் அது உனக்கு மட்டும் நஷ்டம் இல்லை. இதை உன்னைச் சமாதானப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை, நான் சத்தியமாக நம்புகிறேன்.

முதலில் போய்ச் சாப்பிடு. யாருக்காகவும் இல்லை, பேசுவதற்குத் தெம்பு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வருகிறேன், அன்றைக்கு பெரியப்பாவுக்கு ஃபேக்டரி லீவு, பேப்பர் படித்து டீ குடித்து முடிக்கிற நேரம் கொஞ்சம் நல்ல மனநிலையில் இருப்பார். நீ பேசு, நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், நீ பாதியில் நிறுத்தினால் மட்டும் நான் எடுத்துச் சொல்கிறேன். அதுக்குள்ளே உன் டிகிரி மார்க் ஷீட், கம்யூனிட்டி சர்டிபிகேட், டிசி மூன்றையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. எங்க தெரு இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட என்னென்ன வேண்டும் என்று இன்றைக்கே போய்க் கேட்டுவிடுகிறேன், கடைசி தேதியும் கேட்டு உனக்கு மெசேஜ் போடுகிறேன்.