பராமரிப்புக் கட்டண உயர்வு குறித்த அறிவிப்பு

நாள்: 12.02.2026

பெறுநர்: குடியிருப்போர் குழுவின் தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள் அனைவருக்கும்

வணக்கம்.

நமது கட்டடத்தின் மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணம் 2026 ஏப்ரல் 1 முதல் வீடு ஒன்றுக்கு ரூ. 2,000 என்பதிலிருந்து ரூ. 2,500 ஆக உயர்கிறது. கீழ்த்தளத்தில் உள்ள மூன்று வீடுகளுக்கு மட்டும் ரூ. 2,300. வீட்டு வாடகையிலும் முன்பணத்திலும் எந்த மாற்றமும் இல்லை. பிப்ரவரி, மார்ச் மாதங்களுக்குப் பழைய கட்டணத்தையே செலுத்தினால் போதும்.

கட்டணம் கடைசியாக 2023 ஏப்ரலில் மாற்றப்பட்டது. அப்போது பன்னிரண்டு வீடுகளிலிருந்தும் வரும் ரூ. 24,000-இல் மாதச் செலவு ரூ. 23,200 போக, சிறிதளவு கையில் நின்றது. கடந்த ஆறு மாதங்களாகச் சராசரிச் செலவு ரூ. 28,700. மாதந்தோறும் விழும் ரூ. 4,700 பற்றாக்குறையை இதுவரை நானே ஈடுகட்டி வந்தேன். இனியும் அப்படியே தொடர என்னால் இயலவில்லை.

செலவு கூடியதில் பெரும்பங்கு சம்பளம். காவலாளிக்கு ரூ. 11,000 கொடுத்து வந்தோம், இப்போது ரூ. 13,500. மூன்று ஆண்டுகள் ஒரே சம்பளத்தில் இருந்தவர், இரவில் யார் கதவைத் தட்டினாலும் எழுந்து வருகிறவர். அவர் கேட்டது நியாயம் என்று எனக்குப் பட்டது, பேரம் பேசவில்லை. துப்புரவுப் பணியாளருக்கு ரூ. 4,000-லிருந்து ரூ. 5,000 ஆக்கியிருக்கிறேன். படிக்கட்டை நாள்தோறும் கூட்டி, வாரம் இருமுறை கழுவிவிடுகிறார்.

லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டபோது மாதக் கணக்கில் ரூ. 2,100 என்பது ரூ. 2,700 ஆனது. மலிவான ஒப்பந்தமும் இருந்தது; ஆனால் அதில் உதிரிபாகங்களுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். மூன்றாவது மாடியில் முழங்கால் வலியோடு இருக்கும் பெரியவர்களை நினைத்து அதை வேண்டாம் என்றேன். பொது மின் கட்டணம் ரூ. 3,700-லிருந்து ரூ. 4,600 ஆகிவிட்டது. தொட்டி கழுவுதல், மோட்டார், விளக்கு, குழாய் போன்ற சில்லறைப் பழுதுகளுக்கு ரூ. 2,400 ஆனது, இப்போது ரூ. 2,900 ஆகிறது.

மின் கட்டணத்தில் நம் கையில் இருப்பதும் உண்டு. சென்ற மாதம் ஒரு காலையில் மாடிக்குப் போனபோது, மேல்நிலைத் தொட்டியின் வழிகுழாயிலிருந்து நீர் கொட்டி, தளம் முழுவதும் கணுக்கால் நனையும் அளவு நின்றது. தொட்டி நிறைந்த பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அன்று வீணானது தண்ணீரும் மின்சாரமும் மட்டுமல்ல, மோட்டாரின் ஆயுளும்தான். தொட்டி நிறைந்ததும் தானே நின்றுவிடும் சுவிட்சை மார்ச் மாதத்துக்குள் என் செலவில் பொருத்துகிறேன். அக்டோபரில் மோட்டாரின் சுருள் எரிந்தபோது ஆன ரூ. 18,500-ஐயும் உங்களிடம் கேட்கப் போவதில்லை.

கீழ்த்தளத்தினர் லிஃப்ட் பயன்படுத்துவதில்லை என்று குழு சென்ற ஆண்டே சுட்டிக்காட்டியது. அது சரியான வாதம். அதனால்தான் அவர்களுக்கு ரூ. 200 குறைவு, அந்தத் தொகை மற்ற வீடுகளின் மேல் ஏற்றப்படவில்லை. முதல் மாடியில் நான் குடியிருக்கும் வீட்டுக்கும் ரூ. 2,500 செலுத்துவேன். புதிய கட்டணத்தில் மாதம் ரூ. 29,400 சேரும். செலவு போக மிஞ்சும் ரூ. 700 பழுதுநிதியாகத் தனியே வைக்கப்படும். ஒரு ரூபாயும் என் கணக்குக்கு வராது.

ரசீதுகள், ஒப்பந்தம், மின் கட்டணச் சீட்டுகள் அடங்கிய கோப்பைப் பிப்ரவரி 22, ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்குக் கீழ்த்தள வாகன நிறுத்துமிடத்தில் வைத்திருப்பேன். யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். எந்தச் செலவையாவது குறைக்க வழி இருப்பதாக நினைத்தால் அன்றே சொல்லுங்கள். உண்மையில் குறையுமானால் கட்டணத்தையும் குறைத்துவிடுகிறேன். எழுத்தில் தர விரும்புகிறவர்கள் பிப்ரவரி 28-க்குள் செயலாளரிடம் கொடுக்கலாம். இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரவுசெலவுக் கணக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

புதிய தொகையை வழக்கம்போல் ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதிக்குள், இப்போது செலுத்தும் அதே வங்கிக் கணக்கில் செலுத்தவும். திடீரென்று ரூ. 500 கூடுவது சில குடும்பங்களுக்குச் சுமை என்பதை அறிவேன். அப்படிப்பட்டவர்கள் தயங்காமல் என்னிடம் நேரில் சொல்லலாம். ஏப்ரல் முதல் ஜூன் வரை பழைய தொகையைச் செலுத்தி, மீதியை அதற்கடுத்த மூன்று மாதங்களில் சேர்த்துத் தரலாம். அபராதம் எதுவும் கிடையாது. இந்த ஏற்பாடு நமக்குள் மட்டுமே இருக்கும்.

இப்படிக்கு,
கட்டட உரிமையாளர்
முதல் மாடி

நகல்: அறிவிப்புப் பலகை