கரித்தூளின் மீது அசிட்டிக் அமிலத்தின் பரப்புக்கவர்தல்: ஆய்வறிக்கை

உலர்த்திய கிளர்வூட்டிய கரித்தூள் 1.00 கிராம் வீதம் நான்கு மூடிய குடுவைகளில் எடுத்து, ஒவ்வொன்றிலும் 50 மி.லி. அமிலம் சேர்த்து 30 °C-இல் ஒரு மணி நேரம் குலுக்கப்பட்டது. வடிதாளும் அமிலத்தை உறிஞ்சும். எனவே முதல் 10 மி.லி. வடிநீர் நீக்கப்பட்டது. மீதி, பினாப்தலீன் கொண்டு 0.100 M NaOH-உடன் தரம்பார்க்கப்பட்டது. கீழே C₀ தொடக்கச் செறிவு, C குலுக்கியபின் எஞ்சிய செறிவு, q ஒரு கிராம் கரி கவர்ந்த அமிலம்.

| C₀ (M) | C (M) | q (மி.மோல்/கி) | C/q |
|---|---|---|---|
| 0.400 | 0.3660 | 1.70 | 0.215 |
| 0.200 | 0.1712 | 1.44 | 0.119 |
| 0.100 | 0.0785 | 1.08 | 0.073 |
| 0.050 | 0.0358 | 0.71 | 0.050 |

C/q-ஐ C-க்கு எதிராக வரைந்தால் நேர்கோடு: சாய்வு 0.498, வெட்டுத்துண்டு 0.0333. எனவே லாங்மியூர் சமன்பாட்டின்படி ஒற்றை அடுக்கு முழுமையடையும் அளவு qₘ = 2.01 மி.மோல்/கி, பரப்புக்கவர்தல் மாறிலி K = 14.9 லி/மோல். ஃபிராய்ண்ட்லிச் வரைபடமோ வளைகிறது. அதன் சாய்வு 0.53-இலிருந்து 0.22-ஆகச் சரிகிறது. பரப்பு நிறைவுறுவதன் தெளிவான அடையாளம் இது. ஆகவே லாங்மியூர் சமன்பாடே இங்கு ஏற்றது.

பரப்பு நிரம்பல் θ = q/qₘ 0.35-இலிருந்து 0.85 வரை உயர்கிறது. அதிகச் செறிவிலும் ஒற்றை அடுக்கு முழுமையடையவில்லை. qₘ நீட்டிப்பால் பெறப்பட்டதே. மூலக்கூறு ஒன்றுக்கு 0.21 நா.மீ² எனக் கொண்டால் பரப்பு சுமார் 254 மீ²/கி. நீரும் இடத்துக்குப் போட்டியிடுவதால் இதைக் கரியின் மொத்தப் பரப்பாகக் கொள்ளலாகாது.

0.400 M குடுவையில்தான் பிழை உறுத்துகிறது. 10 மி.லி. வடிநீருக்கு 36.6 மி.லி. காரம் செலவானது, அதில் 0.1 மி.லி. பிசகினாலே q 0.05 மாறும், அதாவது 3%. இரு பெரிய எண்களின் சிறு வேறுபாட்டிலிருந்து q கணக்கிடப்படுவதே காரணம்.