இயக்கமா, முதலீடா, நிதியா? ரொக்கப் பாய்வு அறிக்கை: பயிற்சித் தாளும் விடைகளும்

பி.காம். இறுதியாண்டு, சிஏ இன்டர் மாணவர்களுக்கு. எல்லா விடைகளும் ஏஎஸ் 3-ஐ ஒட்டியவை. தொகைகள் லட்சம் ரூபாயில்.

வினா 1

கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு பொது லிமிடெட் கம்பெனியில் 2024-25-ல் நடந்தவை கீழே உள்ளன. ஒவ்வொன்றும் இயக்க நடவடிக்கையா, முதலீட்டு நடவடிக்கையா, நிதி நடவடிக்கையா, அல்லது அறிக்கையில் இடமே இல்லாததா எனக் காரணத்துடன் எழுதுக.

1. டீலர்களிடம் வசூலானது 310
2. காப்பர் வயர், காஸ்டிங் சப்ளையர்களுக்குக் கொடுத்தது 190
3. லேத் மெஷின் வாங்கியது 40. இதில் 25 காசோலையாக, 15-க்கு கம்பெனியின் பங்குகள்
4. கடனீட்டுப் பத்திர வட்டி செலுத்தியது 6
5. வங்கி வைப்புக்கு வந்த வட்டி 3
6. பழைய நிலம் விற்றது 70. அந்த விற்பனைக்கென்றே தனியாகக் கட்டிய மூலதன ஆதாய வரி 5
7. கடனீட்டுப் பத்திரங்கள் 50 பங்குகளாக மாற்றப்பட்டன
8. 364 நாள் கருவூல உண்டியலை, முதிர்வுக்கு 70 நாள் இருந்தபோது சந்தையில் வாங்கியது 20
9. ஜூன் மாதம் போட்ட ஒரு வருட வைப்பு 10. ஆண்டு முடிவில் முதிர்வுக்கு இரண்டு மாதமே மிச்சம்
10. கிடங்கில் தீயில் கருகிய சரக்குக்குக் காப்பீட்டுத் தொகை பெற்றது 8
11. கேஷ் கிரெடிட் கணக்கில் கூடுதலாக எடுத்தது 12
12. போனஸ் பங்கு வழங்கியது 30
13. சொந்தப் பங்குகளைத் திரும்ப வாங்கியது 18
14. வங்கியிலிருந்து கையிருப்புக்கு எடுத்தது 4

விடை 1

1, 2 இரண்டும் இயக்கம். இதில் யாரும் தடுமாறுவதில்லை.

3-ல்தான் முதல் பொறி. மெஷினின் விலை 40 என்றாலும் கம்பெனியை விட்டு வெளியே போன ரொக்கம் 25. முதலீட்டில் 25 மட்டும் எழுத வேண்டும். பங்காகக் கொடுத்த 15-ஐ முதலீட்டில் வெளியேற்றமாகவோ நிதியில் வரவாகவோ காட்டக்கூடாது. அது ரொக்கமில்லாப் பரிவர்த்தனை. குறிப்பில் சொன்னால் போதும். 7-க்கும் 12-க்கும் இதே காரணம். கடனீட்டுப் பத்திரம் பங்காக மாறினாலும், காப்பு நிதி போனஸ் பங்காக மாறினாலும் ஒரு ரூபாய்கூடக் கை மாறவில்லை.

4 நிதி, 5 முதலீடு. வட்டி லாப நட்டக் கணக்கில் வருகிறதே, அப்படியானால் இயக்கம்தானே என்ற கேள்வி எழும். வங்கி, நிதி நிறுவனம் அல்லாத கம்பெனிக்கு ஏஎஸ் 3 தெளிவாகவே பிரிக்கிறது. கடன் வாங்கியதற்கான செலவு கடன் இருக்கும் நிதிப் பகுதியிலும், முதலீட்டின் வருமானம் முதலீட்டுப் பகுதியிலும் வரும். அமெரிக்க விதிமுறையில் செலுத்திய வட்டி, பெற்ற வட்டி இரண்டுமே இயக்கம். இணையத்தில் பார்க்கும் அமெரிக்கப் பாடங்களின் விடை நம் விடையோடு ஒத்துவராமல் போவது பெரும்பாலும் இந்த ஓர் இடத்தில்தான்.

6-ல் நிலம் விற்ற 70 முதலீட்டு வரவு. வருமான வரி பொதுவாக இயக்கத்தில்தான் வரும். ஆனால் இந்த 5 எந்த விற்பனைக்கானது என்று திட்டவட்டமாகத் தெரிவதால் அதுவும் முதலீட்டில் வெளியேற்றம். வினாவில் அப்படிப் பிரித்துச் சொல்லாவிட்டால் மொத்த வரியையும் இயக்கத்தில் விட்டுவிடுங்கள். நீங்களாகப் பிரிக்க வேண்டாம்.

8, 9 இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரொக்கத்துக்குச் சமமானவை என்றால், கைக்கு வந்த தேதியிலிருந்து சுமார் மூன்று மாதத்துக்குள் முதிரக்கூடியவை. உண்டியல் 364 நாளுக்கானதுதான். ஆனால் கம்பெனி வாங்கிய நாளில் மிச்சம் 70 நாள். ஆகவே அது ரொக்கத்துக்குச் சமம். ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போன பணம், மூன்று பகுதிகளிலும் வராது. வைப்பில் நிலைமை தலைகீழ். இப்போது இரண்டு மாதம் மிச்சமிருந்தாலும் போட்ட நாளில் அது ஒரு வருட வைப்பு. எனவே முதலீடு. ஆண்டு முடிவுத் தேதியிலிருந்து மாதத்தை எண்ணுவதுதான் இங்கே வழக்கமான தவறு. 14-உம் பைக்குப் பை மாறிய பணமே.

10 இயக்கம். எரிந்தது சரக்கு என்பதால். எரிந்தது மெஷினாக இருந்திருந்தால் அதே காப்பீட்டுத் தொகை முதலீட்டுக்குப் போகும். அசாதாரண வரவு என்பதால் தனி வரியில் காட்டுக.

11 நிதி. கேஷ் கிரெடிட் நடப்புப் பொறுப்புகளின் கீழ் இருப்பதால் பலர் அதை நடைமுறை மூலதன மாற்றத்தில் சேர்த்துவிடுகிறார்கள். அது சப்ளையர் கடன் அல்ல, வாங்கிய கடன். 13-உம் நிதி.

வினா 2

(அ) பங்குத் தரகு நிறுவனம் விற்பதற்காகப் பங்கு வாங்குகிறது. (ஆ) தங்க நகைக் கடன் தரும் நிதி நிறுவனம் வாடிக்கையாளர்களிடம் வட்டி பெறுகிறது. (இ) அடுக்குமாடி கட்டி விற்கும் கம்பெனி ஒரு ஃபிளாட்டை விற்கிறது. பிரித்தெழுதுக.

விடை 2

மூன்றும் இயக்கம். பம்ப்செட் கம்பெனி பங்கு வாங்கினால் முதலீடு. தரகருக்குப் பங்கு என்பது சரக்கு. நிதி நிறுவனத்துக்கு வட்டிதான் பிழைப்பு. பில்டருக்கு ஃபிளாட் சரக்கிருப்பு. அதே பில்டர் தன் அலுவலகக் கட்டடத்தை விற்றால் முதலீடு. பொருள் என்ன என்று பார்க்காமல் அது அந்த வியாபாரத்தில் எதற்காக இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வினா 3

ஒரு கம்பெனியின் இருப்புநிலைக் குறிப்பு விவரங்கள்:

| | 31.3.2024 | 31.3.2025 |
|---|---|---|
| பங்கு முதல் | 100 | 132 |
| பொதுக் காப்பு | 20 | 25 |
| லாப நட்டக் கணக்கு மீதி | 30 | 52 |
| 10% கடனீட்டுப் பத்திரங்கள் | 40 | 60 |
| கடனீந்தோர் | 28 | 31 |
| வரி ஒதுக்கு | 10 | 12 |
| மொத்தம் | 228 | 312 |
| இயந்திரம் (தேய்மானம் நீக்கி) | 120 | 150 |
| ஒரு வருட வங்கி வைப்பு | 15 | 25 |
| சரக்கிருப்பு | 35 | 44 |
| கடனாளிகள் | 50 | 46 |
| ரொக்கம், வங்கி | 8 | 47 |
| மொத்தம் | 228 | 312 |

கூடுதல் தகவல்: ஏட்டு மதிப்பு 14 உள்ள இயந்திரம் 17-க்கு விற்கப்பட்டது. ஆண்டின் தேய்மானம் 16. வாங்கிய இயந்திரத்தில் 12-க்குப் பங்குகள் கொடுக்கப்பட்டன. புதிய கடனீட்டுப் பத்திரங்கள் 1.10.2024 அன்று வெளியிடப்பட்டன. வட்டி முழுவதும் செலுத்தப்பட்டது. வைப்பு வட்டி பெற்றது 2. செலுத்திய வரி 9. 2023-24-க்கான பங்காதாயம் 8 இந்த ஆண்டில் அறிவித்துச் செலுத்தப்பட்டது. 2024-25-க்கு இயக்குநர்கள் முன்மொழிந்துள்ள பங்காதாயம் 10. மறைமுக முறையில் அறிக்கை தயாரிக்க.

விடை 3

முதலில் துணைக் கணக்குகள். இவற்றை முடிக்காமல் அறிக்கையைத் தொடவே கூடாது.

வரி ஒதுக்கு: 12 + 9 − 10 = 11, இந்த ஆண்டு லாபத்திலிருந்து ஒதுக்கியது.

வரிக்கு முந்தைய லாபம்: லாப நட்ட மீதியின் உயர்வு 22 + பொதுக் காப்புக்கு மாற்றியது 5 + பங்காதாயம் 8 + வரி ஒதுக்கு 11 = 46.

இயந்திரம் வாங்கியது: 150 + 14 + 16 − 120 = 60. பங்காகக் கொடுத்த 12 போக ரொக்கம் 48.

வட்டி: 40-க்கு முழு ஆண்டு 4, புதிய 20-க்கு ஆறு மாதம் 1, ஆக 5.

| | |
|---|---|
| வரிக்கு முந்தைய லாபம் | 46 |
| + தேய்மானம் | 16 |
| + கடனீட்டுப் பத்திர வட்டி | 5 |
| − இயந்திர விற்பனை லாபம் | (3) |
| − வைப்பு வட்டி | (2) |
| நடைமுறை மூலதன மாற்றத்துக்கு முன் | 62 |
| சரக்கிருப்பு உயர்வு | (9) |
| கடனாளிகள் குறைவு | 4 |
| கடனீந்தோர் உயர்வு | 3 |
| செலுத்திய வரி | (9) |
| இயக்க நடவடிக்கை | 51 |
| இயந்திரம் வாங்கியது | (48) |
| இயந்திரம் விற்றது | 17 |
| வைப்பில் போட்டது | (10) |
| வைப்பு வட்டி | 2 |
| முதலீட்டு நடவடிக்கை | (39) |
| பங்கு வெளியீடு (32 − 12) | 20 |
| கடனீட்டுப் பத்திர வெளியீடு | 20 |
| வட்டி செலுத்தியது | (5) |
| பங்காதாயம் செலுத்தியது | (8) |
| நிதி நடவடிக்கை | 27 |
| நிகர உயர்வு | 39 |
| தொடக்க ரொக்கம் | 8 |
| இறுதி ரொக்கம் | 47 |

விடை திருத்தும்போது பார்க்க வேண்டியவை

47 வந்துவிட்டது என்று பேனாவை மூடிவைக்க வேண்டாம். இந்த வினாவில் நான்கு தவறுகளைச் செய்தாலும் அதே 47 வரும்.

இயந்திரத்துக்கு 60, பங்குக்கு 32 என்று முழுதாக எழுதினால் முதலீடு (51), நிதி 39. இரண்டு பக்கமும் 12 கூடுவதால் மொத்தம் மாறாது. வட்டி 5-ஐ லாபத்தோடு திரும்பச் சேர்க்கவும் இல்லை, நிதியில் கழிக்கவும் இல்லை என்றால் இயக்கம் 46, நிதி 32. அதுவும் சரியாக நிற்கும். விற்பனை லாபம் 3-ஐக் கழிக்காமல் விட்டு, இயந்திர விற்பனையை ஏட்டு மதிப்பான 14-க்குக் காட்டினால் இயக்கம் 54, முதலீடு (42).

நான்காவது, முன்மொழிந்த பங்காதாயம். 8-க்குப் பதிலாக 10-ஐ லாபத்தில் சேர்த்து, நிதியில் 10-ஐயே கழித்தால் இயக்கம் 53, நிதி 25. ஏஎஸ் 4 2016-ல் திருத்தப்பட்ட பிறகு, இருப்புநிலைத் தேதிக்குப் பின் அறிவிக்கப்படும் பங்காதாயத்தை அந்த ஆண்டின் பொறுப்பாகப் பதிவதில்லை. அதனால்தான் மேலே உள்ள இருப்புநிலைக் குறிப்பில் அதற்கு ஒரு வரியும் இல்லை. முன்மொழிந்த 10 அடுத்த ஆண்டு அறிக்கைக்கு உரியது. திருத்தத்துக்கு முந்தைய பழைய வினாத்தாள்களில் "முன்மொழிந்த பங்காதாயம்" இருப்புநிலையிலேயே இருக்கும். அந்தத் தீர்வுகளைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே கவனமாக இருக்கவும்.

மதிப்பெண் மூன்று பகுதிகளின் துணை மொத்தங்களுக்கும் உண்டு. 51, (39), 27 இம்மூன்றும் வந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்கவும்.