மேஸ்திரி அண்ணனுக்கு

வணக்கம் அண்ணே. மாடி ஒழுகல் விஷயத்துல நீங்க சொன்னதுதான் சரி. "தண்ணி ஓட வாட்டம் இல்லாத தளத்துக்கு எந்தப் பெயிண்டும் நிக்காது, காசுக்குக் கேடு"ன்னு முகத்துக்கு நேரா சொன்னீங்க. பெரிய வேலையா இழுக்கப் பார்க்குறீங்கன்னு நான் பதிலுக்குப் பேசினது தப்பு. மன்னிச்சிடுங்க.

உங்க பேச்சைக் கேட்காம மாடியில அடிச்ச பெயிண்ட் இந்த ஐப்பசி மழைக்கே கொப்புளிச்சு, விரலால நெம்பினா தோல் மாதிரி உரியுது. அடியில ஈரம் இருக்கும்போதே அடிச்சிருக்காங்க. நீங்க சொன்னபடி வடிகுழாய் வாயை அடைச்சு, 2 அங்குலம் தண்ணி நிறுத்தி 24 மணி நேரம் விட்டுப் பார்த்தேன். படுக்கையறை மூலையில கை அகலத்துக்கு ஈரம். திறந்துவிட்ட பிறகும் கைப்பிடிச் சுவர் ஓரமா அரை அங்குலம் தண்ணி போகாம நின்னுச்சு. மட்டக்குழாய் வச்சுப் பார்த்தா, 20 அடிக்கு 4 அங்குலம் இறங்க வேண்டிய இடத்துல ஒரு அங்குலம்கூட இல்லை.

நீங்க சொன்ன மாதிரியே செஞ்சிடலாம். பழைய தட்டோட்டைப் பெயர்த்து, விரிசலை V வடிவத்துல வெட்டி அடைச்சு, சுவர் மூலையை வளைவாப் பூசி, அப்புறம் வாட்டம். ஓடு பதிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை தண்ணி நிறுத்திப் பார்த்துடுவோம். இந்தத் தடவை அவசரப்படுத்த மாட்டேன்.

மழை விட்டு, தை பிறந்ததும் தளம் நல்லாக் காஞ்சிருக்கும். உங்களுக்குத் தோதான தேதி சொல்லுங்க. ரொம்ப நன்றி அண்ணே.