சூடு ஆறுவதற்குள் சந்தகை
கோபிசெட்டிபாளையம் மண்டபச் சமையல் விளக்கத்தில் பேசியது

வணக்கம். என் இரண்டு கைகளும் இப்போது மாவில் இருப்பதால், கும்பிட முடியாமல் வாயால் மட்டுமே வணக்கம் சொல்கிறேன். பின்வரிசையில் இருப்பவர்கள் அருகில் வந்து நின்றுகொள்ளலாம். சந்தகையைக் கேட்டுக் கற்பதைவிடப் பார்த்துக் கற்பது எளிது.

இது அரைக் கிலோ இட்லி அரிசி. காலையில் ஐந்து மணி நேரம் ஊறவைத்து, உப்புச் சேர்த்து, கிரைண்டரில் நைசாக அரைத்து எடுத்திருக்கிறேன். உளுந்து சேர்க்கவில்லை, புளிக்கவும் வைக்கவில்லை. இதோ, விரல்களுக்கு இடையில் தேய்த்துப் பார்க்கிறேன். குருணையாக எதுவும் தட்டுப்படவில்லை. ஒரு சிறு குருணை இருந்தாலும் அது அச்சின் துளையில் போய் அடைத்துக்கொண்டு இழையை அறுத்துவிடும் என்பதால், இந்த ஒரு சோதனையை மட்டும் எத்தனை அவசரத்திலும் விட்டுவிடாதீர்கள்.

இப்போது எண்ணெய் தடவிய இட்லித் தட்டுகளில் ஊற்றுகிறேன். தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆவி வந்த பிறகே தட்டை உள்ளே வைக்க வேண்டும். மூடியாகிவிட்டது. இனிப் பதினைந்து நிமிடம்.

அதற்குள் தேங்காய்ப்பாலை முடித்துவிடுவோம். இரண்டு பொள்ளாச்சித் தேங்காய்களைத் துருவி வெதுவெதுப்பான நீர் விட்டு அரைத்த விழுதைத்தான் துணியில் கட்டிப் பிழிந்துகொண்டிருக்கிறேன். முதலில் வரும் கெட்டிப்பால் மட்டுமே சந்தகைக்கு. இரண்டாம் பாலைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளலாம். இதில் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையைக் கரைக்கிறேன். பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போவதும் அந்தச் சந்தைச் சர்க்கரைதான். வெள்ளைச் சர்க்கரை இனிப்பை மட்டும் தரும், இதுவோ கரும்பின் மணத்தையும் சேர்த்துத் தரும். தட்டிய ஏலக்காய் இரண்டு போதும். பாலை அடுப்பில் ஏற்றவே கூடாது, கொதித்தால் திரிந்துவிடும்.

மூடியைத் திறக்கிறேன், ஆவி முகத்தில் அடிக்கும், சற்றுத் தள்ளி நில்லுங்கள். நனைத்த விரலால் தொடுகிறேன், ஒட்டவில்லை, வெந்துவிட்டது. அடுப்பை அணைக்காமல் சிறு தீயில் விட்டு, பிழிவதற்கு வேண்டிய மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மூடிவிடுகிறேன்.

அம்மணி, அச்சின் கால்களை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். நகர்ந்தால் இழை சிதறும். உள்ளே நல்லெண்ணெய் தடவியிருக்கிறேன். மூன்றையும் போட்டுவிட்டேன். இதோ, திருகைச் சுற்றுகிறேன். பாருங்கள், எவ்வளவு இலகுவாக இறங்குகிறது! இடியாப்பத்துக்கு மாவைப் பிழிந்துவிட்டு வேகவைக்கிறோம். சந்தகைக்கு வேகவைத்துவிட்டுப் பிழிகிறோம். வெந்த அரிசியின் பசை சூடாக இருக்கும்வரை இளகி நிற்கும், ஆற ஆற இறுகிக் கல்லாகும். ஆகவே இந்த வேலையில் பேச்சைக்கூட நிறுத்தலாம், கையை நிறுத்தக் கூடாது. இன்னொரு சுற்று. தட்டைச் சற்றுத் திருப்புங்கள் அம்மணி, இழைகள் ஒரே இடத்தில் குவிந்தால் தம் எடையிலேயே நசுங்கி ஒட்டிக்கொள்ளும். நன்று. அடுத்த மூன்றை எடுத்துக் கொடுங்கள், மூடியை உடனே மூடிவிடுங்கள்.

எங்கள் வீட்டில் என் அப்புச்சி அச்சைத் திருகுவார், ஆத்தா தட்டைத் திருப்புவார். விருந்து வந்த நாளில் இருவரும் இப்படி எதிரெதிரே உட்கார்ந்து பிழிந்ததைப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன். ஒருவராகச் செய்ய முடியாது என்பதற்காகப் பல வீடுகளில் அச்சு பரண்மேல் ஏறிவிட்டது. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. வீட்டுக்கு ஒரு துணை இருந்தால் போதும், இறக்கிவிடலாம்.

கடைசிச் சுற்றும் முடிந்தது. பாதியைத் தாளிக்கிறேன். கடலெண்ணெயில் கடுகு வெடித்ததும் உளுந்து, கடலைப்பருப்பு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள்தூள். அடுப்பை அணைத்த பிறகே எலுமிச்சைச் சாறு, இல்லையென்றால் கசக்கும். சந்தகையைக் கரண்டியால் கிளறாமல், ஆறவிட்ட இழைகளை விரல் நுனியால் இப்படித் தூக்கித் தூக்கிப் புரட்ட வேண்டும். பிழியும்போது சூடு வேண்டும், கலக்கும்போது சூடு ஆகாது.

மீதிப் பாதி தேங்காய்ப்பாலுக்கு. பாலை முன்கூட்டியே ஊற்றினால் ஊறிக் குழைந்துவிடும் என்பதால், இலையில் வைத்த பிறகு நானே ஊற்றுகிறேன். முதல் இலையைப் பிடியுங்கள் அம்மணி, நீங்கள்தான் இவ்வளவு நேரம் அச்சைப் பிடித்தவர்.