ஈசூன் பலமாடிக் கார்நிறுத்தத்தில் கார் இன்ஜினுக்குள் சிக்கிய பூனைக்குட்டி | மீட்பு, முதலுதவி, தத்தெடுப்பு

விவரம்:
நான்காம் மாடியில் நின்ற காரின் பானெட்டுக்குள் இரண்டு மணி நேரம் கத்தியது இந்தக் குட்டி. விலங்கு: வீட்டுப் பூனை (ஃபெலிஸ் கேட்டஸ்). இனம்: டொமஸ்டிக் ஷார்ட்ஹேர், அதாவது நம் புளோக் பூனைதான். இஞ்சி நிறம், வளைந்த குட்டை வால், பெண், சுமார் ஆறு வாரம்.

0:00 சத்தம் வந்த இடம்
1:40 வெளியே எடுத்தது
3:15 சூடேற்றியது

கவனம்: உடல் சில்லிட்ட குட்டிக்கு உடனே பால் ஊட்டாதீர்கள், முதலில் சூடேற்றுங்கள். வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி அருகில் வைத்தால் போதும். மாட்டுப்பால் வேண்டாம், வயிற்றுப்போக்கு வரும். பாராசிட்டமால் பூனைக்கு விஷம். வெறுங்கையால் பிடிக்காதீர்கள் (என் கட்டைவிரல் சாட்சி). கடிபட்டால் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

தத்தெடுக்க: சேனலின் அறிமுகப் பக்கத்தில் உள்ள மின்னஞ்சலுக்கு 'இஞ்சி' என்ற தலைப்பில் எழுதுங்கள், ஜன்னல் வலையின் படமும் வேண்டும். வீவக வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம், உரிமம் அவசியம். அடிபட்ட விலங்கைக் கண்டால் தேசியப் பூங்காக் கழகம்: 1800-476-1600.

குறிச்சொற்கள்: பூனை மீட்பு, சிங்கப்பூர் பூனை, பூனைக்குட்டி முதலுதவி, தத்தெடுப்பு, ஈசூன்