கழிவு போக

அக்காவின் புரதத் தூள் டப்பா வீட்டுக்கு வந்த அன்று அம்மாயி அதை இரண்டு கையாலும் ஏந்தி, லேசாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டேகால் கிலோ" என்றாள். டப்பாவின் அடியில் 2.27 என்று போட்டிருந்தது. முப்பத்தெட்டு வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்த கை அது.

விலையை மட்டும் நாங்கள் சொல்லவில்லை. அதை யாரோ சொல்லிவிட்டார்கள். தோட்டத்து லயத்தில் எதுதான் சுவரோடு நிற்கிறது? 28,000 ரூபாய் என்றதும் அம்மாயி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதுல என்னா புள்ள இருக்கு?"

"புரதம், அம்மாயி. பாரம் தூக்குறவங்களுக்கு வேணும்."

அக்கா ஹட்டனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். கடை மூடியதும் ஜிம்முக்குப் போய் பளு தூக்கிவிட்டு, கடைசி பஸ்ஸில் நோர்வூட் வந்து, அங்கிருந்து மேட்டில் ஏறி வருவாள். மாகாணப் போட்டிக்குத் தயாராகிறாள். குவைத்தில் இருந்து அம்மா போன் எடுத்தால்கூட அவளுக்குப் பேச நேரமில்லை.

"நானுந்தான் பாரம் தூக்கினேன்" என்றாள் அம்மாயி. "இருபது கிலோ கொழுந்தை முதுகுல போட்டுக்கிட்டு வழுக்குற படியில எறங்கினேன். ரொட்டியும் கட்டச் சம்பலும் தின்னுட்டு."

"அதான் இப்ப முட்டிக்கு எண்ணெய் போடுறீங்க."

அக்கா அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அன்று இரவு யாரும் அதிகம் பேசவில்லை.

அப்புறம் ஒவ்வொரு நாளும் ஒரு சந்தேகம் வந்தது. மீசை முளைக்குமா? கிட்னி போகுமா? இது ஊசி போட்டு உடம்பு ஏத்துறவன் குடிக்கிற சாமானா? அக்கா பொறுமையாகச் சொன்னாள்: இது பாலில் இருந்து எடுப்பது, பால் திரியும்போது கட்டி ஒரு பக்கம் போய் மேலே தெளிவாக நிற்குமே தண்ணி, அதில் இருக்கிற புரதத்தைப் பிரித்துக் காயவைத்துத் தூளாக்குவதுதான்.

அம்மாயி வாயைத் திறந்தபடி நின்றாள். "அந்தத் தண்ணியா? இத்தனை வருஷமா அதை நான் கத்தரிச் செடிக்குல்ல ஊத்துறேன்!"

அன்று பின்னேரம் கத்தரிப் பாத்தியைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றாள்.

ஆனாலும் விடவில்லை. ஒரு கரண்டியில் 24 கிராம் புரதம் என்று டப்பாவில் எழுதியிருப்பதை என்னை வாசிக்கச் சொன்னாள். மறுநாள் அந்தக் கரண்டியையும் கொஞ்சம் தூளையும் ஒரு பையில் சுற்றிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். கடைக்கார அண்ணன் சீனி நிறுக்கும் டிஜிட்டல் தராசில் வைத்தார். உதிரியாக அள்ளினால் 29 கிராம். அமுக்கி அள்ளினால் 36.

"கொழுந்தும் இப்படித்தான்" என்றாள் அம்மாயி. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "கூடையில அமுக்கினா ஒரு நிறை, உதறிப்போட்டா ஒரு நிறை. நிறுக்கிறவன் அதுக்கு மேல சாக்குக்கு ரெண்டு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோன்னு கழிப்பான். இந்த டப்பாக்காரன் கழிவு சொல்லலையே."

இதை ஒரு குற்றச்சாட்டாகவே அக்காவிடம் கொண்டுபோனாள். அக்கா சிரிக்கவில்லை. "சரியாத்தான் சொல்றீங்க" என்று, அதற்கடுத்த சம்பளத்தில் ஒரு சின்னத் தராசு வாங்கி வந்துவிட்டாள். அவ்வளவுதான், வீட்டில் நிறுக்காத சாமான் மிச்சமில்லை.

எது அம்மாயியைத் திருப்பியது என்று கேட்டால், எனக்குத் தெரிந்து அந்தத் தராசும் ஒரு பழைய ஞாபகமும்தான். அக்கா ஒரு நாள் தன் கணக்கைச் சொன்னாள். அவளுடைய பயிற்சிக்கு உடம்பு எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் வேண்டுமாம். 54 கிலோ உடம்புக்கு நாளைக்கு 86 கிராம். சாப்பாட்டில் அது வராவிட்டால் உழைத்த தசையை உடம்பால் சரியாகக் கட்டிக்கொள்ள முடியாது. பட்டினி கிடந்தால் இருக்கிற தசையையே கரைத்துத் தின்றுவிடும்.

"அது எனக்குத் தெரியும்" என்றாள் அம்மாயி. குரல் மாறியிருந்தது. "74ல கூப்பன் மாவைக் கொறச்சப்ப பாத்திருக்கேன். எங்க அய்யாவுக்குக் கை இந்தா, இந்த மம்பட்டிப் பிடி கணக்கா ஆயிருச்சு."

கொஞ்ச நேரம் கழித்து அவளே தொடர்ந்தாள். "ஒங்கம்மா வயித்துல இருக்கப்ப கிளினிக்குல திரிபோஷா குடுத்தாங்க. அதுவும் தூளுதான். தேங்காப்பூ போட்டு உருண்டை புடிச்சுத் தின்னேன்."

"அதுல சோளமும் சோயாவும், அம்மாயி."

"சோயாவா?" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் காம்பரா முழுக்க வறுத்த வாசம். பயறு, கடலை, சோயா, கச்சான் எல்லாம் தனித்தனியாக வறுபட்டன. சோயாவை மட்டும் ஊறவைத்து, தோலை உரித்து, வெயிலில் காயவைத்து, பச்சை வாடை போகும்வரை நிதானமாக வறுத்தாள். கச்சானை அரைத்தால் எண்ணெய் விட்டு மாவு கட்டிவிடும் என்று அதை மட்டும் கடைசியில் உரலில் போட்டு இடித்துச் சேர்த்தாள்.

முதல் ரொட்டி தோல்விதான். பாதி கோதுமை மா, பாதி இந்த மா. தட்டும்போதே நாலா பக்கமும் வெடித்தது. கல்லில் இருந்து எடுத்தபோது இலங்கைப் படம் மாதிரி இருந்தது, யாழ்ப்பாணம் தனியாகக் கழன்று விழுந்தது. பயற்று மாவில் கோதுமையின் இழுவை கிடையாது என்பதை அம்மாயி யாரிடமும் கேட்காமல் கண்டுபிடித்தாள். அடுத்த தடவை மூன்று பங்குக்கு ஒரு பங்கு. தண்ணிக்குப் பதிலாக ஒரு முட்டை, அப்புறம் கொஞ்சம் வெந்நீர். தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் வழக்கம்போல. கட்டச் சம்பலில் வெங்காயத்தோடு வறுத்த நெத்தலிக் கருவாட்டையும் வைத்து அம்மியில் இழுத்தாள். நான் நாலு தின்றேன், எனக்கு எந்தப் போட்டியும் இல்லை.

ஆனால் அவள் உண்மையில் குறிவைத்தது ஷேக்கைத்தான். அந்த மாவில் 40 கிராம் நிறுத்து, ஒரு டம்ளர் பாலில் காய்ச்சி, கித்துள் கருப்பட்டி தட்டிப் போட்டாள். கட்டி விழாமல் மாவைக் கரைக்க அவள் எடுத்தது எதை தெரியுமா? அக்காவின் ஷேக்கர் போத்தலை. உள்ளே கம்பி உருண்டை கடகடவென்று அடிக்க, விடிகாலை நாலரைக்கு லயமே விழித்துவிட்டது.

அக்கா ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய். டம்ளர் காலியானது.

"எத்தனை?" என்றாள் அம்மாயி.

அக்கா போனில் பார்த்துக் கூட்டினாள். மாவில் ஒரு பத்து, பாலில் ஏழு. "பதினேழு, அம்மாயி."

"அவன் எத்தனை சொன்னான்?"

"இருபத்திநாலு."

"அப்ப எனக்கு அரைப் பேருதான்."

நிறை குறைந்த நாளில் செக்ரோலில் அரைப் பேர் விழும், அரைச் சம்பளம். அக்காவுக்கு அது தெரியும். "இல்ல அம்மாயி, இதுவே..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் அம்மாயி அடுப்படிக்குப் போய், அவித்த முட்டை ஒன்றைத் தோலோடு கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டாள்.

"இப்ப சொல்லு."

"முட்டைக்கு ஆறு. இருபத்திமூணு. ஒண்ணு கொறையுது."

அம்மாயி போத்தலைக் கழுவிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"அது கழிவு. முழுப் பேரு போடு."